கையெழுத்து மாற்றும் போர்டு தீர்மானத்தில் வங்கி எதைப் பார்க்க வேண்டும்?

"எங்கள் கிளையில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஒரு டைரக்டர் விலகிவிட்டார், புதியவர் வந்திருக்கிறார். இனி இவர் கையெழுத்துப் போடுவார் என்று போர்டு தீர்மானமும் கையெழுத்துப் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். லெட்டர்ஹெட், சீல் எல்லாம் சரியாக இருக்கிறது. இதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும் சார்?"

லெட்டர்ஹெட்டையும் சீலையும் முதலில் மறந்துவிடுங்கள். கம்பெனிக்குப் பொது முத்திரை கட்டாயம் என்பது 2015 திருத்தத்தோடு போய்விட்டது. ரப்பர் ஸ்டாம்பை யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் செய்து வாங்கிவிடலாம். உங்கள் மேசைக்கு வந்திருப்பது தீர்மானம் அல்ல, தீர்மானத்தின் நகல். அந்த நகல் உங்களிடம் மூன்று விஷயங்களை நம்பச் சொல்கிறது: கூட வேண்டியவர்கள் கூடினார்கள், இதைத்தான் முடிவு செய்தார்கள், அதைச் சான்றளிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது. இந்த மூன்றையும், காகிதத்தைக் கொண்டுவந்தவர் சொல்லாத இன்னொரு இடத்திலிருந்து நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். கம்பெனியில் க, ச, த என்று மூன்று டைரக்டர்கள். வங்கியில் இப்போது உள்ள மேன்டேட், அதாவது கணக்கை யார் எப்படி இயக்கலாம் என்ற ஏற்பாடு, "டைரக்டர்களில் எவரேனும் இருவர் கூட்டாக". ஜூன் 20 அன்று ஒரு தீர்மானம் வருகிறது. ஜூன் 12 அன்று போர்டு கூட்டம் நடந்ததாகவும், ஜூன் 5 முதல் த விலகியதைப் பதிவு செய்துகொண்டதாகவும், ப என்பவரைக் கூடுதல் டைரக்டராக நியமித்ததாகவும், இனி இரண்டு லட்சம் ரூபாய் வரை க அல்லது ப தனியாகவும் அதற்கு மேல் இருவரும் கூட்டாகவும் கையெழுத்திடலாம் என்றும் சொல்கிறது. அடியில் "சர்டிஃபைடு ட்ரூ காப்பி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் ப.

முதல் சிக்கல் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. தனக்கு அதிகாரம் வந்திருக்கிறது என்று தானே சான்று கொடுத்துக்கொள்கிறார் ப. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 21-இன்படி, கம்பெனியின் ஆவணங்களில் சான்றொப்பம் இட வேண்டியவர் முக்கிய நிர்வாகப் பதவியில் இருப்பவரோ, போர்டு அதற்கென்று அதிகாரம் கொடுத்த அதிகாரியோ ஊழியரோ. எனவே, நகலுக்குச் சான்றளிக்க யாருக்கு அதிகாரம் என்பதும் தீர்மானத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் நான் பிடித்துக்கொள்ளும் விதி எளியது. புதிதாக அதிகாரம் பெறுகிறவர் சான்றளித்த நகலை ஏற்பதில்லை. கம்பெனி செக்ரட்டரி இருந்தால் அவர் சான்றளிக்கட்டும். இல்லாவிட்டால், நம் வங்கியில் ஏற்கெனவே மாதிரிக் கையெழுத்து இருக்கிற, தொடர்ந்து பதவியில் நீடிக்கிற டைரக்டர்கள் பழைய மேன்டேட் எப்படியோ அப்படியே கையெழுத்திடட்டும். இந்த உதாரணத்தில் அது க-வும் ச-வும். அந்தக் கையெழுத்துகளை சிஸ்டத்தில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டால், காகிதம் உண்மையிலேயே கம்பெனியிலிருந்து வந்ததா என்பதற்கு முதல் சுயாதீனமான ஆதாரம் கிடைத்துவிடும்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச டைரக்டர்கள் எண்ணிக்கை. பலர் தாண்டிப் போய்விடும் இடம் இது. பெரும்பாலான நகல்களில் "இன்ன தேதியில் இன்ன இடத்தில் நடந்த போர்டு கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம்" என்ற தலைப்புக்குக் கீழே நேராகத் தீர்மான வாசகம் வந்துவிடும். யார் யார் வந்திருந்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். நம் உதாரணத்தில் கேட்டபோது வந்த விவரம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: க வந்திருந்தார், ச வராமல் இருக்க அனுமதி அளிக்கப்பட்டது, ப சிறப்பு அழைப்பாளராகக் கலந்துகொண்டார்.

பிரிவு 174 சொல்லும் கோரம், மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. காலியாக இருக்கும் இடங்கள் மொத்த எண்ணிக்கையில் சேராது. த விலகிவிட்டதால் இருப்பவர்கள் இரண்டு பேர். இரண்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது பின்னம், அதை ஒன்றாக ஏற்றிக் கணக்கிட்டாலும் குறைந்தபட்சம் இரண்டு பேர் என்ற வரம்புதான் மேலே நிற்கும். ஆக, க-வும் ச-வும் இருவரும் இருந்தால்தான் கூட்டம் கூட்டம். ப-வை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது, ஏனென்றால் அவரை நியமிக்கும் நேரத்தில் அவர் டைரக்டரே அல்ல. க தனியாக உட்கார்ந்து ப-வை நியமித்து, பிறகு இருவருமாக மேன்டேட்டை மாற்றியிருக்கிறார்கள். முதல் படி செல்லாததால் இரண்டாவதும் நிற்காது.

இங்கே ஒருவர் பிரிவு 174(2)-ஐக் காட்டி வாதாடலாம். டைரக்டர்கள் எண்ணிக்கை கோரத்துக்குக் கீழே போய்விட்டால், மிச்சமிருப்பவர் எண்ணிக்கையை நிரப்பவோ பொதுக்கூட்டம் கூட்டவோ மட்டும் செயல்படலாம் என்று அது சொல்கிறது. ஆனால் இந்தக் கம்பெனியில் எண்ணிக்கை கோரத்துக்குக் கீழே போகவில்லை. இரண்டு பேர் பதவியில் இருக்கிறார்கள், ஒருவர் வரவில்லை, அவ்வளவுதான். வராதவருக்கும் காலி இடத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பக் கம்பெனிகளில் ஒருவரை ஓரங்கட்டும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். நகலை எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்திருந்தாலும், வருகைப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டம் கூட்டாமல் சுற்றறிக்கை மூலம் நிறைவேற்றினோம் என்று சொன்னாலும் பார்க்க வேண்டும். கணக்குத் திறப்பதும் கையெழுத்து மாற்றுவதும் கூட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று பிரிவு 179(3) பட்டியலிடும் விஷயங்களில் இல்லை, ஆகவே பிரிவு 175-இன்படி சுற்றுக்கு விட்டு நிறைவேற்றலாம். ஆனால் வரைவு எல்லா டைரக்டர்களுக்கும் போயிருக்க வேண்டும், பெரும்பான்மையினர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். இரண்டு பேரில் பெரும்பான்மை என்றால் இரண்டு பேரும்தான். ச இல்லாமல் இந்த வழியிலும் போக முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே தீர்மானத்தில் ஓவர்டிராஃப்ட் அல்லது கேஷ் கிரெடிட் வாங்க ஒரு பத்தி சேர்ந்திருந்தால் அந்தப் பகுதிக்குச் சுற்றறிக்கை போதாது. வங்கியோடு கடன் ஏற்பாடு செய்துகொள்வது கூட்டத்தில் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அன்றாடம் பணம் எடுப்பதற்குத் தனித் தீர்மானம் தேவையில்லை.

கையெழுத்திட்ட மினிட்ஸ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று முதல் நாளே அடம்பிடிக்க வேண்டாம். மினிட்ஸை எழுதிச் சேர்க்கக் கம்பெனிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தீர்மான வாசகம் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தால், மினிட்ஸ் முடிவதற்கு முன்பே அதன் சான்றளித்த நகலைக் கொடுக்கலாம் என்று செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டே அனுமதிக்கிறது. வருகை விவரத்தோடு கூடிய நகல் போதும்.

இப்போது வெளி ஆதாரம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பதிவு அடையாள எண்ணான சிஐஎன்-ஐக் கொடுத்து மாஸ்டர் டேட்டாவைப் பாருங்கள். கொண்டுவந்தவர் தரும் பிரின்ட்அவுட்டை வாங்கி ஃபைலில் சொருகாதீர்கள், நீங்களே எடுங்கள். கம்பெனி செயல்பாட்டில் இருக்கிறதா, பெயர் நீக்கப்பட்டதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். திவால் சட்டப்படி இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமிக்கப்பட்டுவிட்டால் போர்டின் அதிகாரமே நிறுத்தி வைக்கப்படுகிறது. அதற்குப் பிறகு வங்கி கேட்க வேண்டியது அவர் பேச்சை, டைரக்டர்கள் எத்தனை பேர் கூடித் தீர்மானம் போட்டாலும் பயனில்லை.

பிறகு டைரக்டர்கள் பட்டியல். ஜூன் 20 அன்று பார்த்தால் அதில் க, ச, த மூவரும் இருக்கலாம், ப இல்லாமலும் இருக்கலாம். இது மட்டுமே தவறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்றத்தைத் தெரிவிக்கும் `DIR-12` படிவத்தைத் தாக்கல் செய்ய 30 நாள் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியில் கம்பெனியின் வாய்ச்சொல்லை வைத்து மாற்றிவிடவும் வேண்டாம். தாக்கல் செய்த படிவம், தாக்கலுக்குத் தளம் தரும் எஸ்ஆர்என் எண், ப கொடுத்த சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். பட்டியலில் ப-வின் பெயர் ஏறும்வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு வாரம் தாமதமாகும் என்பதற்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். அவருக்கு ஒன்றைப் புரியவைக்கலாம்: பழைய மேன்டேட் "எவரேனும் இருவர்" என்பதால் க-வும் ச-வும் சேர்ந்து கையெழுத்திட்டால் கணக்கு இப்போதும் ஓடும். அது முடியாது என்று அவர் சொன்னால், ச ஏன் கையெழுத்திட மாட்டார் என்ற கேள்விக்குத்தான் நீங்கள் பதில் தேட வேண்டும்.

தலைகீழாகவும் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் பெயர் இருப்பதும் முழு நிரூபணம் ஆகாது. படிவத்தைத் தாக்கல் செய்வது கம்பெனிதான், தகராறில் இருக்கும் ஒரு தரப்பே அதைத் தாக்கல் செய்திருக்கலாம். எனவே த-வின் விலகல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். விலகல் நடைமுறைக்கு வருவது, கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாள் அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், இரண்டில் பிந்தியது. கடிதத்தில் ஜூன் 30 முதல் விலகுகிறேன் என்றிருந்தால் ஜூன் 12 கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருக்க வேண்டும், கோரக் கணக்கும் மூன்று பேரை வைத்துத்தான் போட வேண்டும். "த நீக்கப்பட்டார்" என்று போர்டு தீர்மானத்தில் எழுதியிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு டைரக்டரை நீக்குவது பிரிவு 169-இன்படி பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் செய்ய வேண்டியது, போர்டுக்கு அந்த அதிகாரம் இல்லை.

நம் பதிவில் உள்ள செல்பேசி எண்ணில் த-வையும் ச-வையும் அழைத்துப் பேசுங்கள். லெட்டர்ஹெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணில் அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பேசிய தேதி, நேரம், சொன்ன பதில், மூன்றையும் ஃபைலில் குறித்துவையுங்கள். மோசடித் தீர்மானங்களில் பெரும்பகுதி இந்த ஒரு அழைப்பிலேயே வெளியே வந்துவிடும்.

அடுத்து ஆர்ட்டிகிள்ஸ், அதாவது கம்பெனியின் உள் நிர்வாக விதிகள். கணக்குத் திறந்தபோது வாங்கியது பழையதாக இருக்கலாம், கடைசியாகத் திருத்தப்பட்டதைப் பாருங்கள். முழுவதும் படிக்க நேரம் இல்லையென்றால் மூன்று இடங்களைப் புரட்டுங்கள். கூடுதல் டைரக்டரை நியமிக்கும் அதிகாரம் போர்டுக்குத் தரப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று, ஏனென்றால் பிரிவு 161 அந்த அதிகாரத்தை ஆர்ட்டிகிள்ஸ் வழியாகத்தான் தருகிறது. கோரம் சட்டம் சொல்வதைவிட அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறதா, முதலீட்டாளர் நியமித்த டைரக்டர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்றிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது, காசோலையில் யார் கையெழுத்திட வேண்டும் என்ற விதி. சட்டத்தில் உள்ள மாதிரி ஆர்ட்டிகிள்ஸான அட்டவணை எஃப்-ஐ அப்படியே ஏற்றுக்கொண்ட கம்பெனிகளில் போர்டு அவ்வப்போது தீர்மானிக்கும் முறையில் கையெழுத்திடலாம் என்றிருக்கும், சிக்கல் இல்லை. ஆனால் நிர்வாக இயக்குநர் கையெழுத்து கட்டாயம் என்று எழுதிக்கொண்ட கம்பெனிகளும் உண்டு.

ஆர்ட்டிகிள்ஸைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 1934 தீர்ப்பே இருக்கிறது. கோட்லா வெங்கடசாமி எதிர் ராமமூர்த்தி வழக்கு அது. அந்தக் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் பத்திரங்களில் மூன்று பதவிகளில் இருப்பவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றது, அடமானப் பத்திரத்தில் இருவர்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். பணம் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார், ஆனாலும் அடமானம் செல்லவில்லை. யாரும் பார்க்கக்கூடிய ஆவணத்தில் இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கம்பெனிக்குள் நடைமுறை ஒழுங்காக நடந்திருக்கும் என்று வெளியாள் நம்பலாம் என்ற பழைய விதி ஒன்று உண்டு, இங்கிலாந்தின் 1856 டர்குவாண்ட் வழக்கிலிருந்து வந்தது. அதை நம்பி வங்கி அதிகம் சாய்ந்துவிடக் கூடாது. குறை காகிதத்தின் முகத்திலேயே தெரிந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. போலிக் கையெழுத்துக்கும் கிடைக்காது. கம்பெனியின் சொந்த ஊழியரே பல ஆண்டுகள் போலிக் கையெழுத்திட்டுப் பணம் எடுத்த வழக்கில்கூட, கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன், 1987-இல் உச்ச நீதிமன்றம் வங்கியைத்தான் பொறுப்பேற்கச் சொன்னது. வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை.

இனித் தீர்மான வாசகம். "க மற்றும் ப ஆகியோருக்குக் கணக்கை இயக்க அதிகாரம் வழங்கப்படுகிறது" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தனித்தனியாகவா, கூட்டாகவா? "மற்றும்/அல்லது" என்று எழுதினால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் இழுக்கலாம். இரண்டு லட்சம் என்ற வரம்பு ஒரு காசோலைக்கா, ஒரு நாளைக்கா என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நாளில் 1,90,000 ரூபாய்க்கு ஐந்து காசோலை வந்தால் கவுண்டரில் இருப்பவர் எதை வைத்து நிறுத்துவார்? இணைய வங்கிச் சேவைக்குத் தனி வரி வேண்டும். காசோலைக்கு இருவர் கையெழுத்து என்று வைத்துவிட்டு, இணையத்தில் ஒரே ஆளுக்குப் பதிவு செய்வது, அனுமதிப்பது இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு கூட்டுக் கையெழுத்து என்ற பாதுகாப்பு காகிதத்தில் மட்டும்தான் மிஞ்சும். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண் மூன்றும் வாசகத்தில் இருக்க வேண்டும். வேறு வங்கிக்குப் போட்ட தீர்மானத்தை அப்படியே நகலெடுத்து, நடுவில் ஒரு பத்தியில் அந்த வங்கியின் பெயரை மாற்ற மறந்து கொண்டுவருவது அடிக்கடி நடக்கும்.

பழைய தீர்மானம் இன்ன தேதியோடு ரத்தாகிறது என்ற வரியும் வேண்டும். அது இல்லையென்றால் இரண்டு மேன்டேட்டும் உயிரோடு இருப்பதாக நாளை ஒருவர் வாதிடுவார். அதோடு, த ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்த, இன்னும் வராத காசோலைகளை என்ன செய்வது என்றும் போர்டு சொல்லியிருக்க வேண்டும். சப்ளையருக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் கொடுத்திருப்பார்கள். மேன்டேட் மாறிவிட்டது என்று அவற்றைத் திருப்பினால் காசோலை திரும்பியதற்காகச் செலாவணி முறிச் சட்டத்தின் பிரிவு 138 வழக்கில் கம்பெனி மாட்டிக்கொள்ளலாம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிய காசோலைக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று லட்சுமி டைகெம் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்கள் குறிப்பிட்ட ஒரு காசோலைப் பட்டியலைக் கம்பெனியிடம் வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

கையெழுத்துப் பட்டியலைத் தீர்மானத்தோடு பெயருக்குப் பெயர் ஒப்பிடுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. தீர்மானத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு வடிவம், அமைச்சகத் தளத்தில் மூன்றாவது வடிவம் இருக்கும். டைரக்டர் என்றால் டைரக்டர் அடையாள எண்ணான எட்டு இலக்க டிஐஎன்-ஐயும் பான் எண்ணையும் வைத்து ஒரே ஆள்தானா என்று பாருங்கள். டைரக்டர் அல்லாத மேனேஜர், அக்கவுண்டன்ட் கையெழுத்திடலாம், தவறில்லை. அவர் பெயர் அமைச்சகத் தளத்தில் இருக்காது என்பதால் அடையாள ஆவணமும் பணியாளர் என்பதற்கான ஆதாரமும் தேவை. மாதிரிக் கையெழுத்தை உங்கள் முன்னிலையில் போடச் சொல்லுங்கள், அதற்குச் சான்றொப்பம் இன்னொருவர் இடட்டும்.

புதிதாகக் கணக்குத் திறக்கும்போதும் சோதனை இதேதான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மாதிரிக் கையெழுத்து இல்லை என்பது மட்டுமே வேறுபாடு, ஆகவே டைரக்டர்களை நேரில் பார்ப்பதற்கு எடை கூடுகிறது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிப்படி இன்கார்ப்பரேஷன் சான்றிதழ், மெமோராண்டம், ஆர்ட்டிகிள்ஸ், கம்பெனியின் பான், போர்டு தீர்மானம் ஆகியவற்றோடு, 10 சதவீதத்துக்கு மேல் உரிமை உள்ள உண்மைப் பயனாளிகள் யார் என்ற விவரமும் வேண்டும். மேன்டேட் மாறும்போது பங்குகளும் கைமாறியிருக்கலாம், அந்த விவரத்தையும் அப்போதே புதுப்பியுங்கள்.

நம் உதாரணத்துக்குத் திரும்பினால், தீர்மானத்தைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். க-வும் ச-வும் முறையாக ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துக் கூடட்டும். நேரில் முடியாவிட்டால் வீடியோ மூலம் கலந்துகொண்டாலும் கோரத்தில் சேரும். முதலில் ப-வை நியமித்து, பிறகு மேன்டேட்டை மாற்றி, இருவரும் நகலில் கையெழுத்திட்டு அனுப்பட்டும். அதற்குள் ச-விடமிருந்து "எனக்குத் தெரியாமல் நடக்கிறது" என்று கடிதம் வந்தால், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது கிளையின் வேலை அல்ல. மாற்றத்தைச் செய்யாமல் நிறுத்தி, கடிதத்தைச் சட்டப் பிரிவுக்கும் மேலதிகாரிக்கும் அன்றே அனுப்புங்கள். இரு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதமோ நீதிமன்ற அல்லது தீர்ப்பாய உத்தரவோ வரும்வரை புதிய கையெழுத்து ஏறக் கூடாது.

எல்லாம் சரியாக வந்து மாற்றும் நாளில், சிஸ்டத்தில் கையெழுத்துப் படத்தை மாற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். த-வின் இணைய வங்கி யூசரை முடக்குங்கள், ஓடிபி போகும் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள், அவரிடம் கார்டு இருந்தால் தடை செய்யுங்கள். இயக்கும் முறையையும் வரம்பையும் கையெழுத்துத் திரையிலேயே தெரியும்படி எழுதுங்கள். ஒருவர் பதிவு செய்ததை இன்னொரு அதிகாரி தீர்மானத்தின் மூல நகலை எதிரே வைத்துக்கொண்டு சரிபார்க்கட்டும். பழைய மாதிரி அட்டையைக் கிழித்துப் போட வேண்டாம், "இன்ன தேதியோடு ரத்து" என்று எழுதி ஃபைலிலேயே வையுங்கள். த கையெழுத்திட்ட பழைய காசோலைகள் வரும்போது ஒப்பிட அதுதான் வேண்டும்.